ஓடுகிற பட்டறைக்கு விலை சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு சி.என்.சி. ஜாப் ஒர்க் பட்டறை விலைக்கு வருகிறது. மொத்தம் ஐந்து மெஷின், தனிநபர் பெயரில் நடக்கிறது. உரிமையாளருக்கு 60 வயது தாண்டிவிட்டது, பையன் வெளிநாட்டில். "வருஷம் 28 லட்சம் நிக்குமுங்க" என்று சொல்லி 1 கோடி கேட்கிறார். நான் 14 வருடம் ப்ரொடக்‌ஷனில் வேலை பார்த்தவன், மெஷின் தெரியும், கணக்கு தெரியாது. ஆஃபர் கொடுப்பதற்கு முன் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

பதில்:

முதலில் ஒன்று. அவர் டோக்கன் அட்வான்ஸ் கேட்பார், அல்லது கேட்டிருப்பார். "இன்னொரு பார்ட்டி வந்துட்டுப் போயிருக்காங்க, ஒரு லட்சம் கொடுத்துட்டா உங்களுக்கே நிறுத்தி வைக்கிறேன்" என்பார். கொடுக்காதீர்கள். பணம் கைமாறிய பிறகு நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அவருக்கு அவநம்பிக்கையாகத் தெரியும்; உங்களுக்கும் கொடுத்ததை விட மனம் வராமல் குறைகளைச் சிறிதாக்கிப் பார்க்கத் தோன்றும். அதற்குப் பதிலாக, பார்க்கும் கணக்கை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். நிஜமாகவே விற்க நினைப்பவர் இதற்கு ஒப்புக்கொள்வார்.

போன வருடம் ஒரு நண்பருக்காக இதே மாதிரி ஒரு பட்டறையைப் பார்த்தேன். நான்கு டர்னிங் மெஷின், இரண்டு வி.எம்.சி., இரண்டு ஷிப்ட், பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். கேட்ட விலை 1 கோடியே 10 லட்சம், சொன்ன லாபம் 30 லட்சம். உங்களுடையதோடு அளவில் ஒத்துப்போவதால் அந்தக் கணக்கை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

விற்பவர் தானே தயாரித்த காகிதத்தை முதலில் பார்க்கக் கூடாது. பின்னால் அவர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாத பதிவுகள் மூன்று இருக்கின்றன, அவற்றில் ஆரம்பியுங்கள். ஒன்று, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இருக்கும் GSTR-3B, அதாவது விற்பனையையும் கட்டிய வரியையும் காட்டித் தாக்கல் செய்த கணக்கு. 36 மாதத்துக்கும் வேண்டும். அவர் அனுப்பும் பி.டி.எஃப். போதாது, அவருடைய ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து, உங்கள் கண் முன்னால் லாகின் செய்து இறக்கச் சொல்லுங்கள். தாமதக் கட்டணம் கட்டிய மாதங்கள் எவை, பதில் போடாத நோட்டீஸ் ஏதாவது கிடக்கிறதா என்பதும் அந்தத் திரையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, வருமான வரித்துறையின் 26AS. ஜாப் ஒர்க் பட்டறைக்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. வாடிக்கையாளர் தன் மெட்டீரியலைக் கொடுத்து வேலை வாங்கும்போது, தனிநபர் பட்டறையாக இருந்தால் பில்லில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டுகிறார். எந்தக் கம்பெனி, எந்த மாதம், எவ்வளவு தொகைக்குப் பிடித்தது என்பது அவர்கள் கொடுத்த கணக்குப்படியே 26AS-இல் வரும். நாங்கள் பார்த்த பட்டறையில் 2024-25 விற்பனை 96 லட்சம். அதில் ஒரே பம்ப் கம்பெனி 58 லட்சத்துக்கு டி.டி.எஸ். பிடித்திருந்தது. விற்பவர் "ஏழு கஸ்டமர் இருக்காங்க" என்றுதான் சொல்லியிருந்தார். அதுவும் பொய்யில்லை. ஆனால் விற்பனையில் 60 சதவீதம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்பதை 26AS-தான் காட்டியது.

மூன்றாவது, இ.பி. பில். 36 மாத யூனிட்டையும் 36 மாத விற்பனையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சிப் வெட்டினால் மீட்டர் ஓடியே ஆக வேண்டும். ஒரு லட்ச ரூபாய் விற்பனைக்கு எத்தனை யூனிட் என்ற விகிதம் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. வேறொரு இடத்தில் கடைசி ஐந்து மாதம் விற்பனை மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தது, யூனிட் அசையவே இல்லை. விசாரித்தால், உறவினர் பட்டறையில் வேலையை வாங்கித் தன் பெயரில் பில் போட்டிருக்கிறார். விற்பனை உண்மைதான், ஆனால் அதில் மார்ஜின் எதுவும் இல்லை. விற்கப் போகும் வருடத்தில் விற்பனையைப் பெரிதாகக் காட்ட மட்டுமே அது உதவியது. மார்ச் மாத எண்ணை மட்டும் பார்த்தும் ஏமாந்துவிடாதீர்கள். பம்ப் வேலை கோடையை ஒட்டி ஏறும், மழைக் காலத்தில் இறங்கும். அதனால்தான் மூன்று வருடம் முழுவதும் வேண்டும் என்கிறேன்.

இந்த மூன்றும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். "இதுபோக ரொக்கத்துல கொஞ்சம் வருமுங்க, அது கணக்குல இல்லை" என்று சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், விலையில் மட்டும் சேர்க்காதீர்கள். கம்பெனிகளுக்குச் செய்யும் ஜாப் ஒர்க்கில் ரொக்கம் வர வழியே குறைவு. மிஞ்சினால் ஸ்கிராப் விற்ற காசாக இருக்கும். அந்த ஸ்கிராப் யாருடையது என்பதையும் கேளுங்கள். சில கம்பெனிகள் சிப்பையும் எடை போட்டுத் திருப்பிக் கேட்பார்கள்.

சரி, விற்பனை நிஜம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது லாபம். உங்கள் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்பேன்.

அந்தப் பட்டறையின் வருமான வரிக் கணக்கில் நிகர லாபம் 19 லட்சம். தேய்மானம் 7 லட்சமும் கடன் வட்டி 4 லட்சமும் கழித்த பிறகு வந்த தொகை அது. இரண்டையும் திரும்பக் கூட்டினால் 30 லட்சம் வருகிறது. விற்பவர் சொன்ன 30 இதுதான். அப்படிக் கூட்டுவது தவறில்லை. அவருடைய கடன் வட்டி உங்களுடையது ஆகாது. ஆனால் அந்த 30 லட்சம் அவர் நடத்தினால் வருவது. நீங்கள் நடத்தினால் வருவது வேறு. அவர் சம்பளம் எடுக்காமல் செய்தவை, வாடகை கொடுக்காமல் அனுபவித்தவை, சட்டப்படி கட்ட வேண்டியிருந்தும் கட்டாமல் விட்டவை என்று எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்தோம்.

காலையில் எட்டு மணிக்கு வந்து ப்ரோக்ராம் போடுவது, செட்டிங் பார்ப்பது, கம்பெனிக்குப் போய் ரேட் பேசுவது எல்லாமே அவர்தான். அந்த இடத்துக்கு ஒரு ஆளை வைத்தால் மாதம் 50,000, வருடத்துக்கு 6 லட்சம். நீங்களே அந்த வேலையைச் செய்வேன் என்பீர்கள். அப்போதும் இந்த 6 லட்சத்தைக் கழியுங்கள். அது உங்கள் உழைப்புக்கான கூலி, அதற்காக யாருக்கும் ஒரு கோடி கொடுக்க வேண்டியதில்லை. இப்போது நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே அது கிடைக்கிறது. பில் போடுவதும் பேங்க் வேலையும் அவர் மனைவி. அதற்கு மாதம் 15,000, வருடத்துக்கு 1.8 லட்சம். ஷெட் சொந்தம் என்பதால் கணக்கில் வாடகையே இல்லை. உங்களிடம் மாதம் 40,000 வாங்கப் போகிறார், வருடத்துக்கு 4.8 லட்சம்.

அப்புறம் ஆட்கள். சம்பளப் பதிவேட்டில் 17 பேர். நாங்கள் ஒரு புதன்கிழமை பகலிலும், வேறொரு நாள் இரவு ஒன்பதரைக்கும் போய் இரண்டு ஷிப்ட்டையும் எண்ணினோம்: 22 பேர். இந்த ஐந்து பேர் வித்தியாசம் சாதாரணமானது இல்லை. 20 பேர் சேர்ந்துவிட்டால் பி.எஃப். கட்டாயமாகிறது, கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். இ.எஸ்.ஐ.க்கு 10 பேரே போதும், அதை அவர் 17 பேருக்குக் கட்டிக்கொண்டிருந்தார். அடிப்படைச் சம்பளம் சராசரியாக 14,000 என்று வைத்து 22 பேருக்கும் முதலாளி பங்கு பி.எஃப். 13 சதவீதம் போட்டால் வருடத்துக்கு 4.8 லட்சம். விடுபட்ட ஐந்து பேருக்கு இ.எஸ்.ஐ. இன்னும் 30,000 சொச்சம். மொத்தம் 5.1 லட்சம். நீங்கள் முறையாக நடத்தினால் முதல் மாதத்திலிருந்தே இந்தச் செலவு வரும்.

கூட்டிப் பாருங்கள்: 6, 1.8, 4.8, 5.1. மொத்தம் 17.7 லட்சம். 30-இல் கழித்தால் மிச்சம் 12.3 லட்சம். ரிஜெக்‌ஷனுக்குக் கழிவதை நான் இன்னும் சேர்க்கவில்லை. தேய்மானம் காகிதத்தில் மட்டும் போகும் செலவு என்று திரும்பக் கூட்டிவிட்டோம், ஆனால் ஸ்பிண்டில் பேரிங் காகிதத்தில் தேய்வதில்லை. அதற்கும் பணம் வேண்டும்.

இப்போது அவர் கேட்ட விலையை இதன் மேல் வைத்துப் பாருங்கள். 1 கோடியே 10 லட்சத்தில் 50 லட்சம் கைப்பணம், 60 லட்சம் கடன் என்று வையுங்கள். 11 சதவீத வட்டி, 7 வருடம். மாதத் தவணை சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம், வருடத்துக்கு 12.3 லட்சம். பட்டறை சம்பாதிப்பது அப்படியே தவணைக்குப் போகிறது. போட்ட 50 லட்சத்துக்கு ஏழு வருடம் ஒரு ரூபாய் வராது, நடுவில் ஒரு மெஷின் நின்றால் தவணை கட்டவும் பணம் இருக்காது. நண்பர் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை.

வாடிக்கையாளர் விஷயத்துக்கு வருகிறேன். ஆஃபர் கொடுக்கும் முன் கம்பெனிக்காரர்களைப் பார்க்க விற்பவர் விட மாட்டார். அதில் நியாயம் இருக்கிறது. பட்டறை விலைக்கு வருகிறது என்று தெரிந்தால் அடுத்த வாரமே வேலை வேறு இடத்துக்குப் போய்விடும். ஆனால் அவர்களைப் பார்க்காமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். பெரிய வாடிக்கையாளரின் மூன்று வருட லெட்ஜரை கம்பெனி தரப்பிலிருந்து அவரை வாங்கித் தரச் சொல்லுங்கள். வருட முடிவில் பேலன்ஸ் ஒப்பிடுவது வழக்கம்தான், கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அதில் பார்க்க வேண்டியவை: பில் போட்ட தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் எத்தனை நாள், கடைசியாக ரேட் எப்போது ஏறியது, டெபிட் நோட்டுகள் எவ்வளவு. நாங்கள் பார்த்த இடத்தில் வர வேண்டிய பாக்கி 24 லட்சம் என்று விற்பவர் காட்டினார். கம்பெனிகளின் லெட்ஜரில் 20.6 லட்சம்தான் இருந்தது. வித்தியாசமான 3.4 லட்சமும் மூன்று வருடமாக ரிஜெக்‌ஷனுக்குப் பிடித்தது. அவர் அதைத் தன் கணக்கில் தள்ளுபடி செய்யாமல் பாக்கியாகவே வைத்திருந்தார்.

இன்னொன்று, வெண்டர் கோடு, அதாவது கம்பெனி தனக்கு வேலை செய்து கொடுப்பவரைப் பதிவு செய்து தரும் எண். தனிநபர் பட்டறையை வாங்கும்போது அவருடைய பான் எண் உங்களுக்கு வராது, அதனால் ஜி.எஸ்.டி. எண்ணும் வராது. நீங்கள் புது எண் எடுக்க வேண்டும். கம்பெனியின் பார்வையில் நீங்கள் புது வெண்டர். வந்து ஆடிட் செய்வார்கள், சாம்பிள் கேட்பார்கள், சில இடங்களில் இது இரண்டு மூன்று மாதம் ஆகும். வருடாந்தர ஒப்பந்தம் என்று எதுவும் இருக்காது. ஓப்பன் பர்ச்சேஸ் ஆர்டரும் பழக்கமும்தான். அந்தப் பழக்கம் அவரோடு. ஆகவே 58 லட்சம் தரும் கம்பெனி உங்கள் பெயரில் கோடு கொடுப்பதை ஆஃபரிலேயே நிபந்தனையாக வைக்க வேண்டும். அதற்கு முன் முழுப் பணம் போகக் கூடாது.

மெஷின் உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள், அதனால் அதை நீட்டவில்லை. கன்ட்ரோலரில் இருக்கும் ஓட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், டயல் வைத்து ஸ்பிண்டில் ரன்-அவுட்டும் பேக்லாஷும் பாருங்கள். முடிந்தால் அந்த மெஷின் கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள். மெஷின் பட்டியலில் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஃபிக்ஸரும் கேஜும் யாருடையவை? நிறைய இடங்களில் அவை கம்பெனி கொடுத்தவை. விற்பவர் நல்லெண்ணத்திலேயே அதையும் தன் சொத்துப் பட்டியலில் எழுதியிருப்பார். ப்ரோக்ராம்கள் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள். அவருடைய லேப்டாப்பில் மட்டும் இருந்தால், அதன் நகல் விற்பனையில் சேரும் என்று எழுத வேண்டும்.

ஜாப் ஒர்க் பட்டறைக்கே உரிய ஒரு பொறி, ஷெட்டில் கிடக்கும் வார்ப்புகள். அவை எதுவும் பட்டறையுடையது அல்ல. டெலிவரி சலானில் வந்தது எத்தனை, முடித்து அனுப்பியது எத்தனை, ரிஜெக்ட் எத்தனை என்று கழித்தால் மிச்சம் தரையில் இருக்க வேண்டும். பெரிய கம்பெனியின் ஒரே ஒரு பாகத்துக்கு நாங்கள் எண்ணினோம். கணக்குப்படி 4,200 இருக்க வேண்டும், இருந்தது 3,650. குறைந்த 550 வார்ப்புக்கு ஒன்று 380 ரூபாய் என்றால் 2 லட்சத்து 9 ஆயிரம். ஒரு நாள் கம்பெனிக்காரர் ஸ்டாக் எண்ண வரும்போது பட்டறை யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்பார். ஒரு மதிய நேரம் செலவழித்தால் போதும், இது தெரிந்துவிடும்.

அடுத்தது, விற்பனைப் பத்திரத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் சட்டத்தின் மூலம் உங்களைத் தேடி வரும் பாக்கிகள். "பழைய பாக்கி எல்லாம் விற்பவர் பொறுப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரி உங்களுக்கும் அவருக்கும் இடையில் செல்லும், துறைக்கு அது கட்டுப்பாடு இல்லை.

மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 85-ஆவது பிரிவின்படி, தொழிலை முழுவதுமாகவோ பகுதியாகவோ மாற்றிக் கொடுத்தால், மாற்றிய நாள் வரையிலான வரி, வட்டி, அபராதத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. அந்தத் தொகை விற்பனைக்குப் பிறகு நிர்ணயிக்கப்பட்டாலும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு சிறு யூனிட்டை வாங்கி இரண்டு வருடம் கழித்து, முன்னவர் காலத்து உள்ளீட்டு வரிக்காக 7 லட்சம் கேட்டு நோட்டீஸ் வாங்கினார். விற்றவரோ ஊரை விட்டுப் போயிருந்தார். இன்று பாக்கி இல்லை என்ற சான்று இருந்தாலும் நாளைக்கு வரும் நோட்டீஸை அது தடுக்காது. அதற்குப் பாதுகாப்பு, விலையில் ஒரு பகுதியைச் சில காலம் கொடுக்காமல் நிறுத்தி வைப்பது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கியும் இதே போலத்தான். தொழில் கைமாறினால் வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பு, பெற்ற சொத்தின் மதிப்பு அளவுக்கு. மேலே சொன்ன 22 பேர் விவகாரம் பழைய வருடங்களுக்கும் நீளும், வட்டியோடு. வருமான வரியில் நிலுவையோ நடவடிக்கையோ இருக்கும்போது அதிகாரியின் அனுமதி இல்லாமல் சொத்தை விற்றால், துறையின் கோரிக்கைக்கு எதிராக அந்த விற்பனை செல்லாமல் போக வாய்ப்பு உண்டு. அதனால் முன்கூட்டியே அனுமதி வாங்கச் சொல்லுங்கள்.

கிராச்சுவிட்டியை யாரும் கணக்கில் எழுதி வைப்பதில்லை. அங்கே ஒன்பது பேர் சராசரியாக 12 வருடம் வேலை பார்த்தவர்கள். 14,000 சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருட சர்வீஸுக்கு 8,077 ரூபாய். 12 வருடம், ஒன்பது பேர் என்றால் 8.7 லட்சம். அவர்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், பட்டறையின் உயிரே அவர்கள்தான். அப்படித் தொடரும்போது பழைய சர்வீஸும் கூடவே வருகிறது. அவர்கள் ஓய்வு பெறும்போது கொடுக்க வேண்டியது நீங்கள். ஆகவே அதை விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதும் நீங்கள்தான்.

மெஷின் மேல் கடன் இருக்கிறதா என்பதை விற்பவர் வாய்ச்சொல்லில் விடாதீர்கள். கம்பெனியாக இருந்தால் பதிவாளரிடம் அடமானப் பதிவு இருக்கும், தனிநபருக்கு அது கிடையாது. செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். அதோடு அவருடைய பேங்க் சாங்ஷன் கடிதத்தையும் கேளுங்கள். அந்தக் கடிதத்தில்தான் எங்களுக்கு ஷெட் விஷயம் தெரிய வந்தது: மெஷின் கடனில் 22 லட்சம் பாக்கி, கூடவே ஷெட் இருக்கும் நிலமும் ஓ.டி.க்கு ஈடாக வைக்கப்பட்டிருந்தது. பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டோம். வாடகைதாரருக்கு இதில் என்ன என்று தோன்றும். அவர் ஓ.டி.யைக் கட்டாமல் விட்டால் பேங்க் அந்த இடத்தை எடுக்கும். அடமானத்துக்குப் பிறகு பேங்க் சம்மதம் இல்லாமல் போட்ட வாடகை ஒப்பந்தம் அப்போது மிகவும் பலவீனமானது. ஆறு மெஷினைப் பெயர்த்து, புது ஃபவுண்டேஷன் போட்டு, இ.பி. லைன் வாங்கி, லெவல் செய்து ஓட்டுவதற்குள் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துவிடும். அதனால் பேங்க் சம்மதத்தோடு, குறைந்தது ஐந்து வருடத்துக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும். பதினொரு மாத அக்ரிமென்ட் உதவாது. இ.பி. இணைப்பில் அனுமதித்த லோடு இப்போது ஓடும் மெஷின்களுக்குப் போதுமா, பழைய பாக்கி இருக்கிறதா என்றும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

நடப்பு மூலதனம் பற்றி ஒரு விஷயம். கம்பெனிகளிடமிருந்து வர வேண்டிய பழைய பாக்கியை விற்பவர் வைத்துக்கொள்வார், அதுதான் வழக்கம். அப்படியென்றால் முதல் நாள் உங்கள் பில் போகும், பணம் 90 நாள் கழித்து வரும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்கும் கம்பெனிக்கு அந்த வருடம் செலவாக அனுமதி கிடையாது என்ற வருமான வரி விதி 2023-24 கணக்காண்டிலிருந்து இருக்கிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எடுத்து பில்லில் அச்சிட்டால் கொஞ்சம் வேகம் கூடும். ஆனால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். எங்கள் கணக்கில் புதுச் செலவுகளையும் சேர்த்தால் மாதம் 7 லட்சம், மூன்று மாதத்துக்கு சுமார் 20 லட்சம். விலைக்கு மேல் இந்தப் பணம் தனியாக இருந்தால்தான் சனிக்கிழமை சம்பளம் போட முடியும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் நண்பர் விலை எழுதினார். 12.3 லட்சத்துக்கு, ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் பட்டறையில் மூன்று மடங்குக்கு மேல் போக நான் சம்மதிக்க மாட்டேன். அது 37 லட்சம்தான். ஆனால் மெஷின்களும் கம்ப்ரஸரும் தனித்தனியாக விற்றாலே 55 லட்சம் போகும் என்று மதிப்பீட்டாளர் சொன்னார். அப்படியானால் விலை மெஷின் மதிப்பில்தான் நிற்கும், அதற்கு மேல் கொடுப்பது பழகிய ஆட்களுக்காகவும் ஓடும் ஆர்டருக்காகவும். அதற்கு 7 லட்சம் கூட்டி 62, கிராச்சுவிட்டி 8.7 கழித்து 53 லட்சம் என்று எழுதினோம்.

கடிதத்தின் முதல் பத்தியிலேயே, இது இருவரையும் கட்டுப்படுத்தாத முன்மொழிவு, இறுதி ஒப்பந்தம் கையெழுத்தானால் மட்டுமே பொறுப்பு என்று போட்டோம். பிறகு நிபந்தனைகள்: பெரிய கம்பெனியின் வெண்டர் கோடு வர வேண்டும். மெஷின் கடன் 22 லட்சத்தை விலையிலிருந்து நேராக பேங்குக்கே கட்டுவோம். வார்ப்புக் குறைவை விற்பவர் தீர்க்க வேண்டும். 10 லட்சம் 18 மாதம் நிறுத்தி வைக்கப்படும். அவர் ஆறு மாதம் கூட இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் கோவை மாவட்டத்தில் இதே தொழில் செய்யக் கூடாது. கடைசி நிபந்தனைக்காகவே "தொழிலின் நற்பெயரும் சேர்த்து விற்கப்படுகிறது" என்று எழுத வேண்டும். தொழில் செய்யத் தடை போடும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பொதுவாகச் செல்லாது, நற்பெயரை விற்றவருக்கு நியாயமான எல்லைக்குள் போடும் தடைக்கு மட்டும்தான் விலக்கு. மெஷின்களைத் தனித்தனியாக விலை போட்டு வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் ஜி.எஸ்.டி. வரும், நடக்கும் தொழிலாக மொத்தமாக மாற்றினால் விலக்கு உண்டு. எந்த வடிவம் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கடிதம் போவதற்கு முன்பே பேசிவிடுங்கள், பிறகு மாற்றினால் விலையே மாறும்.

53 லட்சம் என்றதும் பெரியவருக்குக் கோபம் வந்தது, இரண்டு மாதம் பேச்சில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். கழித்த ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று தாளை வைத்துக் காட்டினோம். 58 லட்சத்தில் முடிந்தது. நண்பர் 30 லட்சம் கடன் வாங்கினார், தவணை வருடத்துக்கு 6.2 லட்சம், மிச்சம் இருப்பதில் மெஷின் ரிப்பேரும் பார்க்க முடிகிறது. பி.எஃப். முதல் மாதத்திலிருந்தே 22 பேருக்கும் கட்டுகிறார். எட்டாவது மாதத்தில் 1.3 லட்சத்துக்குப் பழைய ஜி.எஸ்.டி. நோட்டீஸ் ஒன்று வந்தது. நிறுத்தி வைத்த 10 லட்சத்திலிருந்து கட்டினார்கள்.